தன்ஈம் போகும் டாக்ஸியில் ஏறுமுன்

உம்ராவுக்காக மக்கா வரும் நம் ஊர் அத்தாமார்களுக்கும் உம்மாமார்களுக்கும், அவர்களைக் கைபிடித்து அழைத்துவரும் பிள்ளைகளுக்கும்,



முதல் உம்ரா முடிந்து, தலைமுடி எடுத்து, இரண்டு நாள் கால் வலியெல்லாம் ஆறிய பிறகு உங்களில் பலருக்கு ஓர் ஆசை வருகிறது. இறந்துபோன தாய்க்காக ஓர் உம்ரா, வர முடியாத மாமியாருக்காக ஒன்று. அப்படி அடிக்கடி உம்ரா செய்யலாமா என்பதில் ஆலிம்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. அதை அவர்களிடமே விட்டுவிடுகிறேன். செய்வதென்று முடிவெடுத்துவிட்டால் ஹரம் எல்லைக்கு வெளியே போய் இஹ்ராம் கட்டிக்கொண்டு திரும்ப வேண்டும். அப்படிப் போக மிக அருகில் இருக்கும் இடம் தன்ஈம். ஹிஜ்ரி 10-ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது ஆயிஷா நாயகியை அவர்களுடைய சகோதரர் அப்துர் ரஹ்மானோடு நபியவர்கள் அனுப்பிவைத்த இடம். இன்று அங்கே மஸ்ஜிதுஆயிஷா இருக்கிறது. ஹரமிலிருந்து மதீனா சாலையில் ஏழு, எட்டு கிலோமீட்டர். நெரிசல் இல்லாவிட்டால் கால் மணி நேரப் பயணம்.

இந்தச் சின்னப் பயணத்தில்தான் நம்மவர்களுக்கும் டாக்ஸிக்காரர்களுக்கும் சண்டை வருகிறது, அதுவும் திரும்பி வரும்போது. மிஸ்ஃபலாவில் கடை வேலை பார்க்கிறவன் நான். இஹ்ராம் துணியோடு நடைபாதையில் நின்று, ஐம்பதா நூறா என்று குரலை உயர்த்தும் பெரியவர்களைப் பார்க்கும்போதெல்லாம் சங்கடமாக இருக்கிறது. ஹஜ்ஜில் தர்க்கம் கூடாது என்று குர்ஆன் தெளிவாகவே சொல்கிறது. உம்ராவின் இஹ்ராமிலும் அதே பேணுதல் வேண்டும் என்று ஊரிலேயே உங்களுக்குப் பாடம் எடுத்திருப்பார்கள். போகும்போது சாதாரண உடையில் இருந்தீர்கள். திரும்பும்போது நிய்யத் வைத்து, தல்பியா சொல்லிக்கொண்டு வருகிறீர்கள். வாய்ச்சண்டைக்கு இதைவிடக் கெட்ட நேரம் கிடையாது. அதனால் பேச வேண்டிய பேச்சையெல்லாம் இஹ்ராமுக்கு முன்பே, ஹரம் பக்கத்திலேயே, கார்க் கதவைத் திறப்பதற்கு முன்பே பேசி முடித்துவிட வேண்டும். அதை எப்படிப் பேசுவது என்று சொல்லத்தான் இந்த மடல்.

முதலில் சலாம். நமக்கு இதைக் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆனாலும் ஊரில் தெருமுனையில் நின்று சொல்லும் சலாமை இங்கே டாக்ஸி அருகில் வந்ததும் பலர் விழுங்கிவிடுகிறார்கள். ஓட்டுநர் "தன்ஈம், தன்ஈம்! உம்ரா, உம்ரா!" என்று கூவுகிறார், நாம் பதிலுக்கு "ஹவ் மச்?" என்கிறோம். இரண்டு பேரும் முஸ்லிம்கள், நிற்கும் இடமோ ஹரமுக்குப் பக்கம்; அதற்கு இது பொருந்தாத தொடக்கம். வாகனத்தில் இருப்பவர் நடப்பவருக்கும், நடப்பவர் உட்கார்ந்திருப்பவருக்கும் சலாம் சொல்ல வேண்டும் என்று ஹதீஸ் இருக்கிறது. இதில் டாக்ஸி ஓட்டுநர் வாகனத்தில் இருப்பவரா, உட்கார்ந்திருப்பவரா என்று நம்மூர் மதரஸா மாணவர்கள் மணிக்கணக்கில் வாதாடுவார்கள். நீங்கள் அதற்குக் காத்திருக்க வேண்டாம், முந்திக்கொள்ளுங்கள்.

"அஸ்ஸலாமு அலைக்கும், யா அகீ." அவர் வயதில் பெரியவராக இருந்தால் "யா அம்மீ." பதில் வந்ததும் "கைஃப் ஹாலக்?" அவர் "அல்ஹம்துலில்லாஹ்" என்பார், திருப்பி உங்களையும் கேட்பார், நீங்களும் அல்ஹம்துலில்லாஹ் சொல்வீர்கள். பத்து நொடிகூட ஆகாது. இது வெறும் மரியாதைக்காக மட்டுமில்லை. ஓட்டுநரின் வேகம் "இர்கப், இர்கப்" என்று, அதாவது ஏறு, ஏறு என்று உங்களை உள்ளே தள்ளும் வேகம். பின்னால் வண்டிகள் ஹாரன் அடிக்கும்; போலீஸ்காரர் நகரச் சொல்வார். அந்த அவசரத்தில்தான் விலை பேசாமல் ஏறிவிடுகிறோம். சலாமும் நலம் விசாரிப்பும் அவரையும் நிறுத்துகின்றன, உங்களையும் நிறுத்துகின்றன. கால் தரையில் இருக்க, கதவு சாத்தியிருக்க, இரண்டு பேரும் முகம் பார்த்துப் பேசும் நிலை வந்துவிடுகிறது. அதற்கப்புறம் கேட்கும் விலைக்கும், கூவலுக்கு நடுவே கேட்கும் விலைக்கும் வித்தியாசம் உண்டு.

ஓட்டுநர் அரபியாகவே இருக்க வேண்டும் என்றில்லை. பாகிஸ்தான், வங்கதேசம், ஏமன், சூடான் எனப் பல நாட்டுக்காரர்கள் இங்கே வண்டி ஓட்டுகிறார்கள். மக்காவிலேயே பல தலைமுறையாக இருக்கும் பர்மாக்காரர்களும் உண்டு. வடக்கிலிருந்து வருகிறவர்கள் உருதுவில் சமாளித்துவிடுகிறார்கள். உருது தெரியாத நம்மவர்களுக்கு, எந்த நாட்டு ஓட்டுநருக்கும் புரியும் பொது மொழி என்றால் அது எண்களும் சில சொற்களும் மட்டுமே உள்ள சந்தை அரபிதான். அது உங்களால் முடியும். குர்ஆன் ஓதிப் பழகிய நாக்குக்கு ஹாவும் அய்னும் காஃபும் புதிதல்ல.

எண்களில்தான் கவனம் வேண்டும். ஓதும்போது நீங்கள் "ஸலாஸீன்" என்பது இங்கே தெருவில் பெரும்பாலும் "தலாத்தீன்" என்று காதில் விழும், அதுதான் முப்பது. "ஸமானீன்" இங்கே "தமானீன்", எண்பது. மற்றவை ஏறக்குறைய நீங்கள் அறிந்தபடியே: அஷரா பத்து, இஷ்ரீன் இருபது, அர்பஈன் நாற்பது, கம்ஸீன் ஐம்பது, ஸித்தீன் அறுபது, மிய்யா நூறு. மூஸா நபியின் நாற்பது இரவுகளும், நூஹ் நபியின் ஆயிரத்தில் குறையும் ஐம்பதும் ஓதியவர்களுக்கு அர்பஈனும் கம்ஸீனும் ஏற்கனவே பழக்கம்.

ஏமாற்றம் நிகழும் இடம் ஒன்று உண்டு. பல நேரம் அது ஏமாற்றுகூட இல்லை, காதின் பிழை. "கம்ஸதஆஷ்" என்றால் பதினைந்து. "கம்ஸீன்" என்றால் ஐம்பது. "ஸித்தஆஷ்" பதினாறு, "ஸித்தீன்" அறுபது. தொடக்கம் ஒன்றுபோலவே இருப்பதால், சத்தத்தில் முதல் பாதியை மட்டும் கேட்டுவிட்டு மீதியை நாமே இட்டு நிரப்பிக்கொள்கிறோம். வாலைக் கேளுங்கள். "ஈன்" என்று முடிந்தால் இருபது, முப்பது, ஐம்பது போன்ற முழுப் பத்துகள்; "ஆஷ்" என்று முடிந்தால் பதினொன்றிலிருந்து பத்தொன்பதுவரை. இருபத்தைந்தை இங்கே ஐந்தை முன்னால் வைத்து "கம்ஸா வ இஷ்ரீன்" என்பார்கள். முதல் சொல்லைக் கேட்டதும் ஐந்து ரியால்தான் என்று மகிழ்ந்து ஏறிவிட வேண்டாம்.

சந்தேகம் வந்தால் விரலில் காட்டச் சொல்லலாம், அல்லது கைப்பேசியில் எண்ணை அடித்துக் காட்டச் சொல்லலாம். அடிக்கும்போது அரபி எண்களில் வந்துவிட்டால் ஒரு விஷயம்: நம் நாட்டு முஸ்ஹஃபுகளில் ஐந்து இதய வடிவில் இருக்கும், இங்கே அது வெறும் வட்டம். பூஜ்யம் என்பது ஒரு புள்ளி. ஆகவே வட்டமும் அதன் வலப்பக்கம் ஒரு புள்ளியும் இருந்தால் ஐம்பது. நம் பூஜ்யத்தைப்போல இருக்கிறதே என்று அந்த வட்டத்தைக் கணக்கில் எடுக்காமல் விட்டவர்கள் உண்டு.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நம்மவர்கள் "எவ்வளவு?" என்று கேட்டு, ஓர் எண் கிடைத்ததும், பேரம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். எண் மட்டும் ஒப்பந்தம் ஆகாது. எதற்கு அந்த எண் என்பது பேசப்படவில்லை. ஓட்டுநர் "இஷ்ரீன்" என்றார். நான்கு பேருக்கும் சேர்த்து இருபது ரியால் என்று நீங்கள் எண்ணினீர்கள். அவர் தலைக்கு இருபது என்று எண்ணினார். இங்கே தலைக் கணக்கில் ஆள் ஏற்றும் வண்டிகளும் ஓடுகின்றன, முழு வண்டியாகப் பேசிக்கொள்ளும் வழக்கமும் உண்டு, இரண்டும் ஒரே ஓரத்தில்தான் நிற்கின்றன. தலைக் கணக்குக்கு இங்கே "நஃபர்" என்பார்கள். வளைகுடாவில் வேலை பார்த்த நம் பிள்ளைகளுக்கு அந்தச் சொல் நன்றாகவே தெரியும். ஆகவே எத்தனை பேர் என்பதை நீங்களே முதலில் சொல்லிவிட வேண்டும்: "அர்பஆ நஃபர்." பிறகு "கம் குல்லு?" என்று கேளுங்கள், எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று.

அடுத்தது, போக மட்டுமா, போய் வரவா. "ராயிஹ் ஜாய்" என்றால் போய்த் திரும்புவது. இதைச் சொல்லாமல் ஐம்பதுக்கு ஒத்துக்கொண்டால், மஸ்ஜிதுஆயிஷா வாசலில் இறங்கும்போது ஓட்டுநர் ஐம்பதை வாங்கிக்கொண்டு போய்விடுவார். அவர் பக்கத்தில் தவறே இல்லை. அதோடு சேர்ந்தே வருவது காத்திருப்பு. குளித்து, இஹ்ராம் உடுத்தி, இரண்டு ரக்அத் தொழுது, நிய்யத் வைத்து வெளியே வர ஆண்களுக்கு அரை மணி நேரம் போதும். பெண்கள் பக்கத்தில் கூட்டம் இருந்தால் அதற்கு மேலும் ஆகும். ஓட்டுநருக்கு அந்த அரை மணி ஒரு சவாரி. அதற்குக் காசு கேட்பது நியாயம்தான். ஆனால் அதை வாசலில் வைத்துக் கேட்காமல் முன்பே கேட்கட்டும்: "இந்திழார் நுஸ் ஸாஆ", காத்திருப்பு அரை மணி.

எங்கே இறக்கிவிடுவார் என்பது கடைசி. "ஹரம்" என்று மட்டும் சொன்னால் அது ஒரு நகரத்தின் பெயரைச் சொல்வதைப்போலத்தான். தன்ஈமிலிருந்து வரும் சாலை ஸாஹிர், ஜர்வல் வழியாக ஹரமின் வடமேற்குப் பக்கம் வந்து சேர்கிறது. உங்கள் தங்குமிடம் மிஸ்ஃபலா பக்கம் என்றால் அது எதிர்ப்புறம். தொழுகை நேரத்தை ஒட்டி ஹரமைச் சுற்றியுள்ள சாலைகளை அடைத்துவிடுவார்கள். அப்போது ஓட்டுநர் எங்கே முடிகிறதோ அங்கே இறக்குவார், மீதி தூரம் நடைதான். வயதானவர்கள் இருந்தால் இதை விலையைவிட முக்கியமாகப் பேசுங்கள். அசர் முடிந்து மக்ரிபுக்குள் திரும்பிவிடலாம் என்று கிளம்புகிறவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். காலை இஷ்ராக்குக்குப் பிறகு, ஏழு மணியளவில் கிளம்பினால் லுஹர்வரை தொழுகை நெரிசல் இருக்காது.

சரியான விலை எது என்று கேட்பீர்கள். ரமலான், வெள்ளிக்கிழமை, பள்ளி விடுமுறை என்று ஏறி இறங்குகிற விலையை நான் எழுதிக்கொடுத்தால் அது உங்களுக்குத் தொல்லையாகத்தான் முடியும். தங்குமிடத்தை விட்டுக் கிளம்புமுன் பிள்ளைகளின் கைப்பேசியில் ஊபர் அல்லது கரீம் செயலியைத் திறந்து மஸ்ஜிதுஆயிஷாவுக்கு என்ன காட்டுகிறது என்று பாருங்கள். அதிலேயே போய்விடலாமே என்றால், போகலாம், பல நேரம் அதுதான் எளிது. ஆனால் ஹரமை ஒட்டிய சாலைகள் அடைக்கப்பட்டிருக்கும்போது செயலியில் அழைத்த வண்டி உங்களை வந்து சேராது, ஓட்டுநர் போனில் எங்கோ நிற்கச் சொல்வார், கடைசியில் சவாரி ரத்தாகும். சாலையோர டாக்ஸியிடம் வருவது அப்போதுதான். செயலி காட்டிய ஒருவழி விலையை இரட்டிப்பாக்கி, காத்திருப்புக்குப் பத்தோ பதினைந்தோ சேர்த்தால் உங்கள் மனதில் ஓர் எண் கிடைத்துவிடும். அதற்கு மேல் கொஞ்சம் போனாலும் வருத்தப்படாதீர்கள். ஐந்து ரியாலுக்காக அரை மணி நின்று வாதாடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு ரியால் இருபது ரூபாய்க்கு மேல் என்பது தெரிந்தே சொல்கிறேன்.

சட்டப்படி டாக்ஸியில் மீட்டர் போட வேண்டும். மீட்டர் போடும் வண்டி கிடைத்தால் பேரமே வேண்டாம். ஹரம் ஓரத்தில் கூவி அழைப்பவர்கள் பெரும்பாலும் அதைத் தொடுவதில்லை. கூரையில் டாக்ஸி பலகை இல்லாமல் சொந்தக் காரில் ஆள் ஏற்றுகிறவர்களும் உண்டு, "கத்தாத்" என்பார்கள். அனுமதி இல்லாத தொழில் அது, பிடிபட்டால் அபராதம். அதில் ஏறாதீர்கள். விலை குறைவாகச் சொன்னாலும், வழியில் போலீஸ் நிறுத்தினால் நடுச் சாலையில் நிற்கப்போவது நீங்கள்தான். பலகையுள்ள வண்டியின் எண் தகட்டைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அரபியிலும் ஆங்கிலத்திலும் எழுத்தும் எண்ணும் இருக்கும். பை, மாத்திரை டப்பா என ஏதாவது வண்டியில் மறந்துவிட்டால் அந்தப் படம் ஒன்றுதான் துணை.

இப்போது ஒரு பேரத்தை முழுதாகச் சொல்கிறேன். எங்கள் கடைக்கு வழக்கமாக வரும் குடும்பம்: அத்தா, உம்மா, பெரியம்மா, முப்பது வயது மகன். தங்கியிருப்பது இப்ராஹீம் கலீல் சாலையில். காலை ஏழு மணி. செயலியில் ஒருவழிக்கு இருபத்தைந்து காட்டியது, ஆனால் வண்டி வரவில்லை. வழியில் கடையில் தண்ணீர் வாங்க வந்தார்கள், பேச நானும் கூட நடந்தேன். வாயைத் திறந்தது மகன்தான்.

"அஸ்ஸலாமு அலைக்கும், யா அகீ. கைஃப் ஹாலக்?"

"வ அலைக்குமுஸ் ஸலாம். அல்ஹம்துலில்லாஹ். தன்ஈம், ஹாஜ்? இர்கப், இர்கப்."

மகன் கதவைத் தொடவில்லை. "மஸ்ஜித் ஆயிஷா, ராயிஹ் ஜாய். அர்பஆ நஃபர். கம் குல்லு?"

"மா ஃபீ முஷ்கிலா. அலா கைஃபக்."

இந்த இடத்தில் நான் பக்கத்தில் நின்று சிரித்துவிட்டேன். ஒன்றும் பிரச்சினை இல்லை, உங்கள் இஷ்டம் என்கிறார். இதைவிட இனிமையான பதில் கிடையாது, இதைவிட ஆபத்தானதும் கிடையாது. இதைக் கேட்டு ஏறியவர்கள், திரும்பி வந்ததும் தங்கள் இஷ்டப்படி முப்பதை நீட்டுவார்கள். அப்போது அவருடைய இஷ்டம் வேறாக இருக்கும். அதிலும் வயதானவர்கள் இந்தப் பதிலை நல்ல மனதின் அடையாளமாக எடுத்துக்கொள்கிறார்கள். சில ஓட்டுநர்கள் உண்மையிலேயே நல்ல மனதோடு சொல்வதும் உண்டு. எப்படிச் சொன்னாலும் பதில் ஒன்றே: எண் வேண்டும்.

"லா, யா அகீ. கம் குல்லு?"

"மிய்யா."

"கதீர், யா அகீ. கம்ஸீன்." அதிகம் என்பதைத் தெருவில் "கதீர்" என்றே சொல்வார்கள். செயலிக் கணக்கின்படி மகனுடைய மனதில் இருந்த எண் அறுபது. அதற்குக் கொஞ்சம் கீழே தொடங்கினார். இருபதில் தொடங்கியிருந்தால் ஓட்டுநர் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பார், அது சரிதான்.

"தமானீன். ஆகிர் கலாம்." கடைசிப் பேச்சு எண்பது என்கிறார். கடைசிப் பேச்சு என்று சொல்லப்படுவது பெரும்பாலும் கடைசிக்கு முந்தையதாக இருக்கும். மகன் "ஷுக்ரன்" என்று சிரித்த முகமாகச் சொல்லிவிட்டு உம்மாவின் கையைப் பிடித்து நாலடி நடந்தார். கோபமாக அல்ல, சத்தம் போட்டும் அல்ல. அடுத்த வண்டியை நோக்கித்தான்.

"தஆல், தஆல், யா ஹாஜ்! ஸித்தீன்."

அறுபது வந்துவிட்டது. நம்மவர்கள் பலர் இங்கேயே மகிழ்ந்து ஏறிவிடுவார்கள். மகன் திரும்பி வந்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கோத்துச் சொன்னார்: "ஸித்தீன் ரியால், அர்பஆ நஃபர், ராயிஹ் ஜாய், இந்திழார் நுஸ் ஸாஆ. ஸஹ்?"

"ஸஹ், ஸஹ்."

"இத்தஃபக்னா?"

"இத்தஃபக்னா. யல்லா."

பேரம் முடிந்தது என்று நான் எடுத்துக்கொள்வது இந்த "ஸஹ்" வந்த பிறகுதான். சரிதானே என்று கேட்டு, அவர் வாயால் சரி என்று வாங்க வேண்டும். அவர் தலையை மட்டும் ஆட்டினால் இன்னொரு முறை கேளுங்கள். கூட வந்தவர்களும் கேட்கிற மாதிரி உரக்கக் கேளுங்கள்; நான்கு பேர் கேட்ட வாக்கை மாற்றிப் பேச யாருக்கும் கூச்சம் வரும். முன்பணம் கேட்டால் மென்மையாக மறுத்துவிடுங்கள். போய் வரும் சவாரிக்குப் பணம் திரும்பி வந்து இறங்கிய பிறகே. இடையிலேயே முழுதும் கொடுத்துவிட்டால் மஸ்ஜிதுஆயிஷாவின் வெள்ளைக் கார்க் கூட்டத்தில் உங்கள் காரை நீங்கள் தேட வேண்டிவரும்.

அந்தக் குடும்பத்தின் பயணம் சிக்கலில்லாமல் முடிந்ததா என்றால், முழுக்க இல்லை. பெண்கள் பக்கத்தில் கூட்டம். உம்மாவும் பெரியம்மாவும் வெளியே வர ஐம்பது நிமிடம் ஆகிவிட்டது. ஓட்டுநர் கடிகாரத்தைக் காட்டி இருபது ரியால் கூடக் கேட்டார். பேசியது அரை மணி. ஆனது அதைவிட இருபது நிமிடம் அதிகம். மகன் வாதாடவில்லை, "அஷரா" என்றார், அவரும் சரி என்றார். ஆக மொத்தம் எழுபது. மகன் அன்று மாலை கடைக்கு வந்து, ஏமாந்துவிட்டோமோ என்று கேட்டார். இல்லை. காத்திருப்பு நேரத்தை முதலிலேயே பேசியிருந்ததால்தான் தகராறு பத்து ரியாலுக்குள் நின்றது. பேசாமல் போயிருந்தால் அவர் ஐம்பது கேட்டிருப்பார், நமக்கு மறுத்துச் சொல்ல ஒரு வாக்கும் இருந்திருக்காது. அதோடு, அவர் பக்கத்திலும் கொஞ்சம் நின்று பாருங்கள்: அந்த இருபது நிமிடத்தில் அவருடைய ஒரு சவாரி போனது.

இறங்கும்போது சில்லறை. நூறு, இருநூறு, ஐந்நூறு ரியால் தாளை நீட்டினால் மீதி இல்லை என்பார், அது பல நேரம் உண்மையாகவும் இருக்கும். முந்தைய நாளே கடையில் தண்ணீரோ பேரீச்சம்பழமோ வாங்கி, தாளை ஐந்தும் பத்துமாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். இஹ்ராமில் ஆண்களுக்குச் சட்டைப்பை இல்லை; இடுப்பு பெல்ட்டைத் திறந்து மொத்தப் பணத்தையும் எல்லார் கண்ணிலும் படும்படி எண்ணுகிற நிலை வரக் கூடாது. சவாரிக் காசைத் தனியாக, பெண்கள் கைப்பையில் வையுங்கள்.

பேசியதற்கு மேல் கேட்டால் என்ன செய்வது? "இத்தஃபக்னா ஸித்தீன்" என்று அமைதியாக ஒருமுறை, இரண்டாம்முறை. நாம் அறுபதுக்கு ஒத்துக்கொண்டோம் என்பது அவ்வளவுதான். குரலை உயர்த்தாமல், பணத்தை அவர் கையில் கொடுத்து, சலாம் சொல்லி இறங்குங்கள். பெரும்பாலானவர்கள் முணுமுணுத்துக்கொண்டே கிளம்பிவிடுவார்கள். ஒருவேளை விடாமல் தொடர்ந்தால், பக்கத்தில் எப்போதும் சீருடையில் ஒருவர் நிற்பார். அவரைக் கைகாட்டினாலே போதும். இஹ்ராமில் இருக்கிற நீங்கள் பேச வேண்டியது அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

இன்னும் ஒன்று, பணம் மிச்சம் பிடிக்க விரும்புகிறவர்களுக்கு: மக்கா நகரப் பேருந்தும் மஸ்ஜிதுஆயிஷாவுக்குப் போகிறது, விலை பேசும் வேலையே இல்லை. கால் வலுவுள்ள இளையவர்கள் அதில் போகலாம். முழங்கால் தேய்ந்த பெரியவர்களை நிறுத்தத்தில் நிற்கவைத்து நாலு ரியால் மிச்சம் பிடிக்காதீர்கள், அவ்வளவுதான் என் வேண்டுகோள். ஜிஇர்ரானாவுக்கு இஹ்ராம் கட்டப் போகிறவர்களுக்கும் இதே பேச்சுதான். ஆனால் அது இருபது கிலோமீட்டருக்கும் மேல், எண் வேறாக இருக்கும், காத்திருப்பையும் கூட்டிப் பேசுங்கள்.

மேலே சொன்ன சொற்களை உங்கள் குழுவை அழைத்து வருகிறவர் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, விமானத்திலேயே ஆளுக்கொன்று கொடுத்துவிட்டால் நல்லது. ஏர்போர்ட்டிலிருந்து மக்கா வருகிற பேருந்தில் ஒருவர் ஓட்டுநராகவும் ஒருவர் ஹாஜியாகவும் இருந்து பேசிப் பார்க்கலாம். சின்னப் பிள்ளைகளுக்கு அந்த விளையாட்டு பிடிக்கும். "அலா கைஃபக்" சொல்கிற ஓட்டுநர் வேடத்தை மட்டும் குழுவில் நல்ல நடிகராக இருப்பவரிடம் கொடுங்கள்.

வஸ்ஸலாம்.

மிஸ்ஃபலாவிலிருந்து,
உங்கள் ஊர்க்காரன்